கோழிக்குப் போட்ட தீவனம் எங்கே போச்சு?

பல்லடம், உடுமலை பக்கம் எந்தக் கறிக்கோழிப் பண்ணைக்குள் போனாலும், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். முனை மடங்கி, தீவனத் தூசி படிந்து, பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கியிருக்கும் அந்த அட்டையில் ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, வயது, செத்தது, கழித்தது, மீதி, தீவனம் எத்தனை மூட்டை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சராசரி எடை. ஐந்து வாரம் கழித்துக் கோழி லாரியேறியதும், பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி கிலோவுக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு இந்த வரிகளிலிருந்துதான் புறப்படுகிறது.

கொங்குப் பகுதியில் பெரும்பாலான கறிக்கோழி ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, ஆள், கரண்ட், தண்ணீர், தரையில் விரிக்கிற தேங்காய் நார்க்கழிவு எல்லாம் பண்ணைக்காரர் பொறுப்பு. செலவில் பெரும்பங்கு தீவனம் என்பதால், கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நான் அனுப்பிய தீவனத்துக்கு எத்தனை கிலோ கோழி திரும்பி வந்தது? அதற்கு விடைதான் எப்.சி.ஆர் என்று எல்லோரும் சொல்லும் தீவன மாற்று விகிதம். தின்ற தீவனத்தின் எடையை விற்ற கோழியின் உயிர் எடையால் வகுத்தால் கிடைப்பது. 1.6 என்றால் ஒரு கிலோ கோழிக்கு 1 கிலோ 600 கிராம் தீவனம் செலவாகியிருக்கிறது. எண் குறையக் குறைய நல்லது. கூடவே இன்னொரு எண், இறப்பு சதவீதம். விட்ட குஞ்சில் நூற்றுக்கு எத்தனை போயிற்று என்பது.

இரண்டுமே நாலாம் வகுப்பு வகுத்தல்தான். ஆனால் வகுப்பதற்கு முன்னால் மேலேயும் கீழேயும் போடுகிற எண்கள் சரியாக இருக்க வேண்டுமே, சிக்கல் அங்கேதான். ஒரு பேட்ச்சை எடுத்துக்கொண்டு அட்டையோடு அட்டையாகப் போய்ப் பார்ப்போம். கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட பேட்ச் இது. எண்கள் வழக்கமாகக் காணக்கூடியவை.

குஞ்சு 5,000 இறங்குகிறது. முதல் வாரத்தில் 52 செத்தது, நொண்டி, வளராதது என்று 6 கழித்தது. மொத்தம் 58. இதை 5,000ஆல் வகுத்தால் 1.16 சதவீதம். முதல் வாரத்தில் இவ்வளவு போவது பெரிய அதிசயமில்லை. குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வந்த பலவீனமும், சூடு போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்குவதும் இந்த ஏழு நாளில்தான் கணக்கு கேட்கும். ஆனால் வகுக்கும் எண் கடைசிவரை அதே 5,000 என்பதை மறக்கக் கூடாது. சிலர் நேற்று மீதியிருந்ததால் வகுத்து, நாள் கணக்கையும் மொத்தக் கணக்கையும் குழப்பிக்கொள்கிறார்கள். கழித்த கோழியைச் சேர்க்காமல் செத்ததை மட்டும் எழுதுவதும் உண்டு. அப்படிச் செய்தால் இறப்பு குறைவாகத் தெரியும். லாரியேறும் நாளில் எண்ணிக்கை இடிக்கும்.

இருபத்தொன்றாம் நாள் முடிவில் செத்தது, கழித்தது சேர்த்து 88. மீதி 4,912. அதுவரை போட்ட தீவனம் 115 மூட்டை; மூட்டைக்கு 50 கிலோ என்றால் 5,750 கிலோ. சராசரி எடை 900 கிராம். கொட்டகையிலுள்ள கோழியின் மொத்த எடை 4,912ஐ 0.9ஆல் பெருக்கினால் 4,421 கிலோ. 5,750ஐ அதனால் வகுத்தால் 1.30. இந்த வயதுக்கு இது நல்ல எண்.

கேட்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. முதல் வாரக் கடைசியில் இதே கணக்கைப் போட்டால் ஒன்றுக்கும் கீழே, 0.9 என்றெல்லாம் வரும். 900 கிராம் தின்று ஒரு கிலோ ஆவது எப்படி? குஞ்சு இறங்கும்போதே 40 கிராம் எடையோடு இறங்குகிறது, வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சமும் இருக்கிறது. அந்த 40 கிராமை இந்தத் தீவனம் உண்டாக்கவில்லை. தீவனத்தில் ஈரம் குறைவு, கோழி உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதும் ஒரு காரணம். வயது ஏற ஏற விகிதம் ஏறிக்கொண்டே போகும். உடம்பைத் தாங்கிப்பிடிக்கவே தீவனத்தின் ஒரு பங்கு தேவைப்படுவதால், கடைசி வாரத்தில் மட்டும் பார்த்தால் ஒரு கிலோ கூடுவதற்கு ஏறத்தாழ 1.9 கிலோ தீவனம் ஆகும். ஆகவே விலை ஏறும் என்று காத்திருந்து லாரி நாலு நாள் தள்ளி வந்தால், அந்த நாலு நாளும் மொத்த விகிதத்தை மேலே தள்ளும்.

எடை எப்படித் தெரிந்தது? எல்லாக் கோழியையும் தூக்கி நிறுப்பது நடக்காது. கொட்டகையின் நாலு மூலை, நடு என்று பிரித்து, கூடைக்குப் பத்தாக நூறு கோழி நிறுப்பார்கள். இதில் ஆட்கள் வழக்கமாகச் செய்வது என்னவென்றால், கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டியதைப் பிடிப்பது. ஓடாமல் நிற்கிற கோழி பெரும்பாலும் மந்தமானது, எடை குறைந்தது. வேறு சிலர், சூப்பர்வைசர் பார்க்கிறார் என்று பெருசாகப் பார்த்து எடுப்பார்கள். நூறு கோழியில் சராசரி 40 கிராம் தவறினால், 4,900 கோழிக்கு அது 196 கிலோ. அந்தத் தவறு எப்.சி.ஆரில் நேராக வந்து உட்காரும். பலகையோ வலையோ வைத்து ஓரிடத்தில் மடக்கி, மடங்கிய எல்லாவற்றையும் நிறுப்பதுதான் வழி. அதிலிருந்து பொறுக்கக் கூடாது. காலையில் தீவனம் போடும் முன், வாராவாரம் ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும். இரைப்பை நிறைந்த கோழி கனமாகத்தான் காட்டும்.

தீவனப் பத்தியில் இதைவிடப் பெரிய ஓட்டை. அட்டையில் எழுதுவது தட்டில் கொட்டிய மூட்டையை. கோழி தின்றதை அல்ல. தட்டு உயரம் கோழியின் முதுகு மட்டத்துக்குக் கீழே இருந்தால், கோழி காலால் கிளறிக் கீழே தள்ளும். தள்ளியது நார்க்கழிவோடு கலந்துவிடும், ஆனால் கணக்கில் தின்றதாகிவிடும். இன்னொன்று, பக்கத்துக் கொட்டகைக்கு "ரெண்டு மூட்டை கொடு, நாளைக்குத் தர்றேன்" என்று போனது. இரண்டு கொட்டகை, ஒரே தீவன அறை என்றால் இது தினமும் நடக்கும். ஒரு கொட்டகைக்கு 1.52, மற்றதுக்கு 1.68 என்று வந்து, இரண்டிலும் கோழியின் எடை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால், நோயைத் தேடுவதற்கு முன் மூட்டையைத் தேடுங்கள். ஆகவேதான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனி அட்டை. மூட்டை மாறினால் இரண்டிலும் எழுத வேண்டும்.

இதைச் சரிபார்க்கக் காலிச் சாக்கை எண்ணுவதுபோல் எளிய வழி வேறில்லை. வந்த மூட்டை, கையிருப்பு மூட்டை, காலிச் சாக்கு. மூன்றும் ஒத்துப்போனால் அட்டையை நம்பலாம். சூப்பர்வைசர்கள் வந்ததும் கேட்கிற கேள்வியும் அதுதான். "அக்கா, சாக்கு எங்கக்கா போட்டு வெச்சிருக்கீங்க?" "பின்னால இருக்குது தம்பி, நீயே எண்ணிக்கோ." எண்ணிப் பார்த்து 3 சாக்கு கூடுதலாக இருந்தால், எழுதாத 3 மூட்டை.

இனி நம்ம பேட்ச்சின் நாலாவது வாரம். இருபத்துநான்காம் நாள் வரி இப்படி இருக்கிறது: காலையில் 4,906, செத்தது 4, கழித்தது 1, மீதி 4,901. தீவனம் 12 மூட்டை. 600 கிலோவை 4,901ஆல் வகுத்தால் கோழிக்கு 122 கிராம். சரியான அளவு.

இப்போது தீவனப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். 22ஆம் நாள் 11 மூட்டை, 23இல் 11.5, 24இல் 12, 25இல் மறுபடியும் 12, 26இல் 11.5. இந்த வயதில் தீவனம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போக வேண்டும். நின்றாலே கேள்வி. இறங்கினால் நிச்சயம் ஏதோ இருக்கிறது. இறப்புப் பத்தியைப் பார்த்தால் அதே நாட்களில் 3, 3, 4, 5, 9. அதாவது 25ஆம் நாள் இரவு இறப்பை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவும் தோன்றாது. 5,000 கோழியில் நாளுக்கு 5 வரை போவது சாதாரணம். தீவனத்தைப் பார்க்கிறவர் அன்றைக்கே குனிந்து எச்சத்தைப் பார்த்திருப்பார். நோய் வந்த கோழி சாவதற்கு முன் தின்பதை நிறுத்துகிறது, பல சமயம் தண்ணீரையும் குறைக்கிறது. தண்ணீர் மீட்டர் உள்ள பண்ணையில் இன்னும் சீக்கிரம் தெரியும். சாதாரண வெப்பத்தில் கோழி தின்பதைப்போல் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். அந்தக் கணக்கு திடீரென்று மாறினால் அட்டையே கூப்பிடும்.

26ஆம் நாள் செத்த கோழியை மருத்துவர் அறுத்துப் பார்க்கிறார். குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் நிறைந்து வீங்கியிருக்கிறது. ரத்தக்கழிச்சல். நிப்பிள் குழாய் ஒன்று ஒழுகி, அதன் கீழே நார்க்கழிவு நனைந்து கட்டியாகிக் கிடந்திருக்கிறது. இந்த நோயின் கிருமி எச்சத்தில் வெளியேறி, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி கிளறித் தின்னும்போது குடலுக்குள் போய்ச் சுவரை அரிக்கும். மருந்து தண்ணீரில் கலந்து கொடுத்து, நனைந்த நார்க்கழிவை வாரி வெளியே போட்டு, குழாயைச் சரி செய்கிறார்கள். 27இல் 7 சாவு, 28இல் 4. தீவனம் 12, 13 என்று ஏறுகிறது. அடங்கிவிட்டது என்று தோன்றும்.

28ஆம் நாள் எடை போட்டால்தான் கதை புரியும். சராசரி 1,360 கிராம். 1,430 இருந்திருக்க வேண்டும். இதுவரையிலான இறப்பு 124, அதாவது 2.48 சதவீதம், யாரும் குறை சொல்லும் அளவல்ல. தீவனம் 198 மூட்டை, 9,900 கிலோ. 4,876 கோழியின் மொத்த எடை 6,631 கிலோ. எப்.சி.ஆர் 1.49. போன வாரம் 1.30. வயதோடு கொஞ்சம் ஏறும்தான், ஆனால் இந்த ஒரு வாரத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் 4,150 கிலோ தின்று 2,210 கிலோ ஏறியிருக்கிறது. 1.88. 1.6ஐ ஒட்டி இருக்க வேண்டியது. அந்த வாரம் நோயில் செத்த கோழிகளைவிட, சாகாமல் நின்ற கோழிகள் தின்று எடை வைக்காததில்தான் நட்டம் அதிகம். அரித்த குடலால் தீவனத்தை உறிஞ்ச முடியாது. இறப்பே இல்லாமல் லேசாக வந்துபோகும் ரத்தக்கழிச்சலும் உண்டு; அதை இறப்புப் பத்தி ஒருநாளும் காட்டிக் கொடுக்காது. மொத்த எப்.சி.ஆரில்கூட அது மூன்று வாரத்து நல்ல கணக்குக்குள் ஒளிந்துகொள்ளும். வார எப்.சி.ஆரைத் தனியாகப் போடச் சொல்வது இதனால்தான், பலர் அதைப் போடுவதில்லை.

கைபேசியிலோ கணினியிலோ விரிதாளில் எழுதுகிறவர்களுக்கு மூன்று சூத்திரம் போதும். C செத்தது, D கழித்தது, E மூட்டை, F சராசரி எடை கிராமில். விட்ட குஞ்சு J1இல். G மீதி, H இறப்பு சதவீதம், I எப்.சி.ஆர். எடை போடாத நாளில் கடைசிக் கட்டம் காலியாகவே இருக்கும்.

```
G2: =$J$1-SUM(C$2:D2)
H2: =SUM(C$2:D2)/$J$1*100
I2: =IF(F2="","",SUM(E$2:E2)*50/(G2*F2/1000))
```

கடைசி எட்டு நாளில் வெயில். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மதியம் தின்றால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும் என்று வெயில் ஏறுமுன் தட்டைத் தூக்கிக் கட்டிவிட்டு, சாயங்காலம் இறக்குவார்கள். அப்படியிருந்தும் இந்த எட்டு நாளில் 56 போயிற்று. முதல் வாரத்தில் போனது 58. சதவீதத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, 1.1 சொச்சம். ஆனால் முதல் வாரத்துக் குஞ்சு ஒன்று செத்தபோது அதன் வயிற்றுக்குள் போயிருந்தது சராசரியாக அதிகம் போனால் நூறு கிராம் தீவனம். 58க்கும் சேர்த்து ஆறு கிலோவுக்குள். கடைசி வாரத்தில் செத்த ஒவ்வொன்றும் அதற்குள் சராசரியாக 2.6 கிலோ தின்றிருந்தது. 56க்கு 146 கிலோ, கிட்டத்தட்ட மூன்று மூட்டை. விற்கும்போது அந்தத் தீவனம் மேலே கணக்கில் இருக்கும், கோழி கீழே இருக்காது. இறப்பு சதவீதம் என்கிற ஒற்றை எண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. எந்த வாரத்தில் எத்தனை என்று அட்டைதான் சொல்லும்.

முப்பத்தாறாம் நாள் லாரி வருகிறது. விற்றது 4,809 கோழி, 9,810 கிலோ, சராசரி 2.04. வந்த தீவனம் 324 மூட்டை, திருப்பி அனுப்பியது 6. செலவு 318 மூட்டை, 15,900 கிலோ. வகுத்தால் 1.62. திருப்பிய 6 மூட்டையைக் கழிக்க மறந்தால் 1.65 ஆகிவிடும். ஆகவே திருப்பி ஏற்றும்போது ரசீது வாங்காமல் லாரியை விடக் கூடாது. செத்த கோழியின் எடையையும் சேர்த்து வகுப்பவர்கள் உண்டு. அவற்றை அன்றன்று நிறுத்து எழுதியிருந்து, மொத்தம் 156 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1.60 வரும். அது கோழியும் தீவனமும் எப்படி என்பதைச் சொல்லும். பண்ணைக்காரரின் கணக்கில் நிற்பது 1.62தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள 0.02 இறப்பு தின்றது.

இறப்பு எத்தனை? அட்டைப்படி 180, அதாவது 3.6 சதவீதம். மீதி 4,820 இருக்க வேண்டும். லாரியில் ஏறியது 4,809. 11 கோழி காணோம். இதை "ஷார்ட்டேஜ்" என்பார்கள், பேச்சு முற்றும் இடமும் இதுதான். கீரி கொண்டுபோயிருக்கலாம், மூலையில் நசுங்கி நார்க்கழிவுக்குள் புதைந்திருக்கலாம், லாரியில் ஏற்றும்போது இருட்டில் கூண்டுக்கு ஒன்று கூடுதலாகப் போயிருக்கலாம். குஞ்சு இறங்கிய அன்றே பெட்டியில் குறைவாக இருந்திருக்கவும் கூடும். நாலைந்து பெட்டியையாவது திறந்து எண்ணி, குறைந்தால் அன்றே ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் ஒரு சந்தேகம் ஒழியும். ஐந்து வாரம் கழித்துச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். 11ஐயும் இறப்பில் சேர்த்தால் 3.82 சதவீதம்.

இனி பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேட்ச். அவருக்கு எப்.சி.ஆர் 1.57. "நம்மளதவிட நல்லா எடுத்துட்டாருங்க" என்று வருத்தப்படுவதற்கு முன் அவருடைய சராசரி எடையைக் கேட்க வேண்டும்: 1.75 கிலோ. சின்னதாகவே பிடித்துவிட்டார்கள். சின்னக் கோழிக்கு விகிதம் தானாகவே குறைவு. இதற்காக எல்லாப் பேட்ச்சையும் 2 கிலோவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவார்கள். 2 கிலோவுக்கும் சராசரி எடைக்கும் உள்ள வித்தியாசத்தை 0.25ஆல் பெருக்கி, கோழி சின்னதானால் கூட்டி, பெரிதானால் கழிப்பது பரவலான வழக்கம்; பெருக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அவருக்கு 0.25 கிலோ குறைவு, அதனால் 0.06 கூடி 1.63. நமக்கு 0.04 கிலோ அதிகம், 0.01 கழிந்து 1.61. ரத்தக்கழிச்சல் வந்து, வெயிலில் அடிபட்டும், இந்தப் பேட்ச் அவருடையதைவிட ஒரு படி மேலேதான் நிற்கிறது.